ஒரு தொன் கல்லுக்கு எட்டு சென்ரிமீற்றர் துளை

வெள்ளவத்தையில் வீட்டுக்கு மேல்மாடி எழுப்பிக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "முக்கால் அங்குலக் கல்லின் விலை ஏன் இப்படி ஏறியது என்று கேட்டால், அரசாங்கத்துக்குக் கட்டும் ரோயல்டிதான் காரணம் என்கிறார் கல் கொண்டுவருபவர். மலை சும்மா நிற்கிறது, வெடி வைத்தால் கல் விழுகிறது. வேறு என்ன பெரிய செலவு இருக்கப்போகிறது?"

வெடி வைத்தால் கல் விழும் என்பது உண்மைதான். ஆனால் எந்த அளவில் விழுகிறது என்பதில்தான் பணம் இருக்கிறது.

முதலில் அளவையைச் சரிசெய்துகொள்வோம். நம் ஊரில் கல்லை விற்பது கியூப் கணக்கில். ஒரு கியூப் என்றால் 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். கொழும்பு மாவட்டத்துக் குவாரிகளில் உடைபடும் கடினமான நைஸ் பாறை, மலையாக நிற்கும்போது கன மீற்றருக்கு ஏறத்தாழ 2.7 தொன். அந்தக் கணக்கில் ஒரு கியூப் பாறை 7.6 தொன் இருக்க வேண்டும். டிப்பரில் வரும் ஒரு கியூப் கல்லோ 4.2 தொன்தான் நிறுக்கும். மீதி இடம் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள காற்று. குவாரிக்காரர் மலையைத் தொன் கணக்கில் உடைக்கிறார், நாம் காற்றோடு சேர்த்து வாங்குகிறோம். ஆகவே செலவைத் தொன்னிலேயே பார்ப்பதுதான் ஒழுங்கு.

பாதுக்கைப் பக்கத்தில் ஒரு குவாரி என்று வைத்துக்கொள்வோம். பாறைமுகத்தின் உயரம் 9 மீற்றர். மேலே நின்று, 76 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளைகளைக் கீழ்நோக்கித் துளையிடுகிறார்கள். பாறையின் திறந்த முகத்திலிருந்து முதல் வரிசை 2 மீற்றர் உள்ளே இருக்கிறது. துளைக்குத் துளை இடைவெளி 2.5 மீற்றர். அடியில் மேடு மிஞ்சாமல் இருக்கத் தரைமட்டத்துக்குக் கீழேயும் 60 சென்ரிமீற்றர் இறக்குவதால், ஒரு துளையின் மொத்த நீளம் 9.6 மீற்றர். அந்த ஒரு துளை பெயர்க்க வேண்டிய பாறை 2 × 2.5 × 9, அதாவது 45 கன மீற்றர். நிறையில் ஏறத்தாழ 120 தொன்.

இப்போது வகுத்துப் பாருங்கள். ஒரு தொன் கல்லுக்குத் தேவைப்படும் துளை 8 சென்ரிமீற்றர். ஒரு சாண்கூட இல்லை. வெடிமருந்து ஒரு துளைக்கு 29 கிலோ என்றால், தொன்னுக்கு 240 கிராம். ஒரு கோப்பைச் சர்க்கரை அளவு மருந்து ஒரு தொன் பாறையைப் பெயர்க்கிறது! துளையிட மீற்றருக்கு 1,000 ரூபா, மருந்துக்குக் கிலோவுக்கு 1,000 ரூபா, ஒரு துளைக்கு டெட்டனேற்றர் முதலியவற்றுக்கு 2,400 ரூபா என்று கணக்குக்காக வைத்தால், துளையிடல் தொன்னுக்கு 80 ரூபா, வெடி 260 ரூபா. (இந்தக் கட்டுரையின் ரூபா எண்கள் எல்லாம் கணக்கின் போக்கைக் காட்ட நான் வைத்தவை. உங்களுக்குத் தெரிந்த குவாரியின் எண்களைப் போட்டுப் பாருங்கள், போக்கு பெரிதாக மாறாது.)

இவ்வளவு கொஞ்ச மருந்து இவ்வளவு வேலை செய்வது எப்படி? எனக்கு அலுக்கவே அலுக்காத இடம் இது.

பாறையை நசுக்குவது கடினம், இழுத்துப் பிய்ப்பது சுலபம். இழுவிசையைத் தாங்கும் வலிமை, அமுக்கத்தைத் தாங்கும் வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் வெடி அமுக்கத்தானே செய்கிறது, இழுப்பது யார்? கரம் போர்டில் நான்கைந்து காய்களை ஒன்றையொன்று தொட்டபடி வரிசையாக வையுங்கள். ஒரு முனையில் ஸ்ட்ரைக்கரால் அடித்தால் நடுக் காய்கள் அதிகம் அசைவதில்லை, கடைசிக் காய் பறக்கிறது. அதற்கு அப்பால் அதைத் தாங்க ஒன்றும் இல்லை. பாறையிலும் இதுதான் நடக்கிறது. துளையில் கிளம்பிய அமுக்க அலை செக்கனுக்கு ஐந்து கிலோமீற்றர் அளவிலான வேகத்தில் திறந்த முகத்தை எட்டுகிறது. 2 மீற்றரைக் கடக்க அதற்கு ஒரு மில்லிசெக்கனில் பாதிகூட வேண்டாம். அங்கே எதிரே காற்று. தள்ள ஆளில்லாத அலை இழுவை அலையாகத் திரும்பி உள்ளே ஓடிவருகிறது. பாறைக்குத் தாங்க முடியாதது அந்த இழுவைதான். துளையைச் சுற்றி ஏற்கனவே ஓடிய வெடிப்புகளோடு புதியவையும் சேர்கின்றன. பிறகு வெப்ப வாயு நிதானமாக அந்த வெடிப்புகளுக்குள் புகுந்து, பிளந்த பாறையை முன்னால் தள்ளிச் சரிக்கிறது. நிதானம் என்றேனே, அதுவும் சில பத்து மில்லிசெக்கன்களுக்குள் முடிந்துவிடும்.

பின்வரிசைத் துளைகளை 25 மில்லிசெக்கன் போலத் தாமதித்து வெடிப்பதும் இதற்காகத்தான். முன்வரிசைப் பாறை நகரத் தொடங்கினால்தான் பின்வரிசைக்குத் திறந்த முகம் ஒன்று கிடைக்கும். தூரத்திலிருந்து கேட்கும் நமக்கு ஒரே 'தடாம்'.

எனவே திறந்த முகத்திலிருந்து துளை இருக்கும் தூரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதைக் குறைத்தால் மிஞ்சிய சக்தி கல்லை அயல் வீட்டுக் கூரைவரை எறியும். கூட்டினால் என்ன ஆகும்? சிக்கனம் பார்க்கும் முதலாளி 2 மீற்றரை 2.4 ஆகவும், 2.5 மீற்றரை 3 ஆகவும் விரிக்கிறார் என்று கொள்வோம். அதே துளை, அதே மருந்து, ஆனால் இப்போது துளைக்கு 175 தொன். துளையிடல் 55 ரூபாவாகவும் வெடி 180 ரூபாவாகவும் இறங்குகின்றன. தொன்னுக்கு 105 ரூபா மிச்சம் என்று கணக்குப் புத்தகம் மகிழ்ச்சியாகக் காட்டும்.

கல் குவியலைப் போய்ப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். முன்பு நூற்றுக்கு ஐந்து தொன் என்றிருந்த பெருங்கற்கள் இப்போது இருபது. உடைப்பானின் வாய்க்குள் நுழையாத இவற்றைத் தனியாக இயந்திரச் சுத்தியலால் குத்த வேண்டும். குத்தும் ஒவ்வொரு தொன்னுக்கும் 600 ரூபா என்றால், மொத்தக் கல்லின் மீது 30 ரூபாவாக இருந்த செலவு 120 ஆகிறது. ஏற்றும் இயந்திரம் தடுமாறுவதால் 200 ரூபாவாக இருந்த ஏற்றலும் உள்ளக நகர்த்தலும் 240 ஆகின்றன. அடிக்கடி அடைபடும் உடைப்பானில் 350 என்பது 400 ஆகிறது. மிச்சம் 105, புதுச் செலவு 180. தொன்னுக்கு 75 ரூபா நட்டம். ஆனால் இது டீசல் கணக்கிலும் உதிரிப்பாகக் கணக்கிலும் எழுதப்படுவதால் வெடியின் மேல் யாரும் பழி போடுவதில்லை. இதில் அயலவருக்கும் பங்கு உண்டு. முன்னால் வெளியேற முடியாத சக்தி நிலத்துக்குள் போகிறது, சுவர்கள் அதிர்கின்றன. மருந்தைக் குறைத்தும் அதிர்வு கூடிவிட்டதே என்று வியப்பவர்கள் அந்த 2.4 மீற்றரைத்தான் பார்க்க வேண்டும்.

அவிசாவளை வீதிப் பக்கத்துக் குவாரி ஒன்றில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் நின்றிருந்தேன். ஏப்ரல் மாதம். பிற்பகல் மூன்று மணிக்குத் துளைகள் எல்லாம் நிரப்பித் தயாராக இருந்தன. மூன்றிலிருந்து நாலரை ராகு காலம், கழியட்டும் என்றார் பொறுப்பாளர். நான்கு மணிக்கு வழக்கமான இடிமழை வந்தது. மின் டெட்டனேற்றர்கள் உள்ளே இருக்கும்போது இடிமின்னல் எவ்வளவு ஆபத்து என்பதை அவரும் அறிவார். எல்லோரும் தூர ஓடிப் பதுங்கினோம். மழை விட்டு ஐந்தரைக்கு வெடித்தபோது பின்வரிசையிலிருந்து செம்மஞ்சள் புகை எழுந்தது. டீசல் கலந்த அமோனியம் நைத்திரேற்று தண்ணீரில் கரையும். நனைந்த மருந்து முழுதாக வெடிக்காமல் நைதரசன் ஈரொட்சைட்டைக் கக்கும், அதன் நிறம்தான் அது. அந்த நிறத்தைக் கண்டால் தள்ளி நிற்க வேண்டும், அது நஞ்சு. அடுத்த சில நாட்களுக்கு அங்கே சுத்தியல் வேலை ஏராளம் என்றும் எழுதிவைத்துக்கொள்ளலாம். ஈரத் துளைகளுக்கென்று உறையிட்ட நீர்க்கூழ் மருந்து இருக்கிறது, விலை கூட. ராகுவுக்குப் பயந்தவர் வானிலை அறிக்கையைக் கொஞ்சம் மதித்திருந்தால் அதுவும் தேவைப்பட்டிருக்காது.

கல் குவியலைப் படம் எடுத்து, கற்களின் அளவுப் பரம்பலைக் கணினியில் கணிக்கும் முறைகள் உலகில் எப்போதோ வந்துவிட்டன. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் புவி வளப் பொறியியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. குவாரிக்காரர்கள் ஒரு நாள் சுத்தியல் வாடகையை மாணவர் ஆய்வுக்குக் கொடுத்தால், வெடியின் பழி வெடிக்கே போய்ச் சேரும் என்பது என் கட்சி.

சரி, வாசகரின் ரோயல்டிக்கு வருவோம். துளை, வெடி, பெருங்கல், ஏற்றல், உடைப்பு எல்லாம் சேர்ந்து 920 ரூபா. ரோயல்டி 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வசூலிக்கப்படுவது. கியூபுக்கு 300 ரூபா என்று வைத்தால் 4.2 ஆல் வகுத்துத் தொன்னுக்கு ஏறத்தாழ 70. குவாரி வாசலில் மொத்தம் 990 ரூபா.

வாசலைத் தாண்டியதும் கதை வேறு. வெள்ளவத்தைக்கு ஏறத்தாழ 35 கிலோமீற்றர். மூன்று கியூப் டிப்பர் என்றால் 12.6 தொன். சாரதி, உதவியாள், லீசிங், காப்புறுதி என்று நாளொன்றுக்கு 12,000 ரூபா, ஓடினாலும் நின்றாலும் உண்டு. ஒரு நடைக்கு டீசலும் டயரும் 8,000. நாளுக்கு இரண்டு நடை போனால் நடைக்கு 14,000, தொன்னுக்கு ஏறத்தாழ 1,110. ஆக, வீட்டு வாசலில் 2,100 ரூபா, பாதிக்கு மேல் வீதியில் போனது. ஹைலெவல் வீதி நெரிசலில் இரண்டாவது நடை தவறிவிட்டால் அந்த ஒற்றை நடைக்கு 20,000, தொன்னுக்கு ஏறத்தாழ 1,590. தவறிய நடை ஒன்று தொன்னுக்குக் கூட்டிய தொகை 480 ரூபா. ரோயல்டி இரட்டிப்பானாலும் கூடுவது 70 தான். உங்கள் கல்காரர் பழி சொல்வதானால் மகரகமையையும் நுகேகொடையையும் சொல்லட்டும்.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள்: குவாரியில் விளிம்புவரை நிரம்பியிருந்த பெட்டி வீட்டுக்கு வரும்போது ஏன் இறங்கியிருக்கிறது என்று. வழியெல்லாம் குலுங்கியதில் கற்கள் நெருங்கி உட்கார்ந்து காற்று வெளியேறியிருக்கிறது. கொஞ்சம் இறங்கியிருந்தால் களவு என்று சண்டைக்குப் போகாதீர்கள். சந்தேகம் என்றால் தராசுப் பாலத்தின் சீட்டைக் கேளுங்கள். கல்லின் நிறையைத் தொன்னில் எடுத்து 4.2 ஆல் வகுத்தால் கியூப் வரும். மழையில் நனைந்த சுமை என்றால் மட்டும் தண்ணீருக்கென்று நூற்றுக்கு இரண்டு போலக் கழித்துக்கொள்ளுங்கள்.