பீட்டா மாறினாலும் நகராத இயங்கு புள்ளி

BC547 டிரான்சிஸ்டரின் தரவுத்தாளில் பீட்டா, அதாவது பேஸ் மின்னோட்டத்தைப் போல கலெக்டர் மின்னோட்டம் எத்தனை மடங்கு என்பது, 110 முதல் 800 வரை இருக்கலாம் என்று போட்டிருக்கும். ஒரே பெயர், ஏழு மடங்கு வித்தியாசம். பேஸுக்கு ஒற்றை ரெசிஸ்டரைப் போட்டு, எமிட்டரை நேராக கிரவுண்டில் கட்டினால் என்ன ஆகும்? பீட்டா 100-க்குக் கணக்குப் போட்டு வைத்த 1.6 மில்லி ஆம்பியர், பீட்டா 300 உள்ள டிரான்சிஸ்டரை மாட்டியதும் 4.8 ஆக ஏறப் பார்க்கும். கலெக்டரில் 3.3k இருந்தால் 12 வோல்ட் சப்ளை தரக்கூடியதே 3.6 தான். ஆக, டிரான்சிஸ்டர் செறிவு நிலைக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

இதற்கு மாற்றுதான் மின்னழுத்தப் பகுப்பான். சப்ளையிலிருந்து பேஸுக்கு R1 = 39k, பேஸிலிருந்து கிரவுண்டுக்கு R2 = 10k, கலெக்டரில் அதே RC = 3.3k, எமிட்டரில் RE = 1k. பேஸில் 12 × 10/49, அதாவது சுமார் 2.45 வோல்ட். அதில் 0.7 கழிந்தால் எமிட்டரில் 1.75 வோல்ட், 1k வழியாக 1.75 மில்லி ஆம்பியர். இந்தக் கணக்கில் பீட்டா எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? மின்னோட்டம் கூடப் பார்த்தால் எமிட்டர் மின்னழுத்தம் உயரும். பேஸ்-எமிட்டர் இடைவெளி சுருங்கும். மின்னோட்டம் தானே அடங்கும்.

பேஸ் மின்னோட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் பீட்டா 100-க்கு 1.6, பீட்டா 300-க்கு 1.7 மில்லி ஆம்பியர். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று 390k, 100k போட்டால் கதை மாறும். பகுப்பான் வழியே ஓடுவது சுமார் 25 மைக்ரோ ஆம்பியர்தான். பேஸ் கேட்பதோ கிட்டத்தட்ட 10. மீட்டரை வைத்தால் பேஸில் 2.45-க்குப் பதில் 1.7 வோல்ட்தான் காட்டும் (மீட்டரும் கொஞ்சம் இழுக்கும்). பேஸ் கேட்பதைப் போல குறைந்தது பத்து மடங்கு பகுப்பானில் ஓட வேண்டும் என்பது இதனால்தான். முதல் சுற்றில் 15 மடங்கு ஓடுகிறது.

சரி, லோடு லைன். கலெக்டர்-எமிட்டர் மின்னழுத்தம் VCE கிடை அச்சில், கலெக்டர் மின்னோட்டம் IC செங்குத்து அச்சில். மின்னோட்டமே இல்லாவிட்டால் VCE 12 வோல்ட். VCE பூஜ்ஜியம் என்றால் மின்னோட்டம் 12/(3.3k + 1k), அதாவது 2.8 மில்லி ஆம்பியர். இரண்டையும் ஒரு கோட்டால் இணையுங்கள். 1.65 மில்லி ஆம்பியரில் நம் புள்ளி 4.9 வோல்ட்டில் விழுகிறது. நடுவான 6-இல் இல்லையே என்று பலர் RC-ஐ மாற்றக் கிளம்புவார்கள். அவசரம் வேண்டாம். RE-க்கு இணையாக ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருந்தால், சிக்னலுக்கு RE இல்லாத மாதிரிதான். சிக்னலின் கோடு அதே புள்ளி வழியாக, இன்னும் செங்குத்தாகப் போகும். வெளியே வேறு சுமை இல்லை என்றால் அது 4.9 + 1.65 × 3.3, அதாவது 10.3 வோல்ட்டில் அச்சைத் தொடும். மேலே 5.4, கீழே செறிவு வரை 4.7 வோல்ட் இடம்: புள்ளி ஏறக்குறைய நடுவில்தான் நிற்கிறது.