வல்லார்பாடத்திலிருந்து கொழிஞ்சாம்பாறை வரை: இறக்குமதிச் சரக்கின் அடக்கவிலையைப் பிரிப்பது எப்படி?

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடைக்காரர்கள் சீனாவிலிருந்து நேரடியாகச் சரக்கு இறக்கத் தொடங்கிய பிறகு, என் மேசைக்கு மூன்று மொழிகளில் காகிதங்கள் வருகின்றன. இறக்குமதிக்காகச் சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியும் கிளியரிங் ஏஜென்டின் பில்லும் ஆங்கிலத்தில் இருக்கும். லாரி வாடகைச் சீட்டில் மலையாளம். முதலாளியின் கணக்கு நோட்டில் தமிழ். மூன்றையும் கூட்டி ஒரு பூட்டின் அடக்கவிலை என்ன, ஒரு விரிப்பின் அடக்கவிலை என்ன என்று சொல்ல வேண்டும். இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

விதி சுருக்கமானதுதான். கையிருப்பை மதிப்பிடுவதற்கான கணக்கியல் தரநிலை 2, சரக்கின் கொள்முதல் செலவில் நான்கைச் சேர்க்கச் சொல்கிறது: வாங்கிய விலை, திரும்பப் பெற முடியாத வரிகள், சரக்கைக் கொண்டுவந்து சேர்த்த கூலி, கொள்முதலோடு நேரடியாகத் தொடர்புடைய பிற செலவு. திரும்பப் பெறக்கூடிய வரி அடக்கத்தில் வராது. ஆனால் ஒரே கண்டெய்னரில் இரண்டு மூன்று வகைச் சரக்கு வந்தால் பொதுச் செலவை எந்த அளவுகோலில் பிரிப்பது என்று தரநிலை வரையறுக்கவில்லை. நியாயமான ஒரு வழியைத் தேர்ந்தெடுத்து, அதையே ஒவ்வொரு முறையும் பின்பற்ற வேண்டும். அந்த நியாயமான வழி எது என்பதை ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு ஹார்டுவேர் கடைக்கு ஒரு கண்டெய்னர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 2,000 கதவுப் பூட்டுகள், ஒன்று 300 ரூபாய், ஆக 6,00,000. கூடவே செயற்கைப் புல் விரிப்பு 400 சுருள்கள், ஒன்று 1,000 ரூபாய், ஆக 4,00,000. பூட்டுப் பெட்டிகள் பிடித்த இடம் 5 கன மீட்டர்; விரிப்புச் சுருள்கள் பிடித்தது 20 கன மீட்டர். கப்பல் கட்டணம் 1,50,000, காப்பீடு 5,000. சுங்கவரி பூட்டுக்கு 10 சதவீதம், விரிப்புக்கு 20 சதவீதம் என்று கொள்வோம். இவை எடுத்துக்காட்டுக்கான விகிதங்கள். உங்கள் சரக்கின் விகிதம் பில் ஆஃப் என்ட்ரியில் இருக்கும். கொச்சித் துறைமுகத்தின் வல்லார்பாடம் முனையக் கட்டணமும் ஏஜென்ட் கூலியும் 40,000. குதிரான் சுரங்கம் வழியாக இங்கே வந்து சேர லாரிக்கு 25,000.

முதலில் சுங்கவரி. இதைப் பிரிக்கவே கூடாது என்பது என் கட்சி. பில் ஆஃப் என்ட்ரியில் ஒவ்வொரு சரக்குக்கும் தனி வரி தனி வரிசையில் ஏற்கெனவே கணக்கிடப்பட்டிருக்கிறது. சுங்கத்துறை கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் சரக்கின் மதிப்பு விகிதத்தில் பங்கிட்டு வரி மதிப்பைப் போடுகிறது. பூட்டுக்கு 6,00,000, அதன் பங்குக் கட்டணம் 90,000, காப்பீடு 3,000, மொத்தம் 6,93,000. விரிப்புக்கு 4,62,000. பூட்டின் அடிப்படைச் சுங்கவரி 69,300. அதன் மேல் 10 சதவீதம் சமூக நல உபவரி 6,930. இரண்டும் சேர்ந்து 76,230. விரிப்புக்கு 92,400, உபவரி 9,240, மொத்தம் 1,01,640. இந்த இரண்டு தொகைகளையும் அந்தந்தச் சரக்கின் தலையில் அப்படியே ஏற்ற வேண்டும். மொத்த வரி 1,77,870 என்று ஒரே தொகையாகப் பதிந்து மதிப்பின்படி பங்கிட்டால் பூட்டின் தலையில் 1,06,722 விழும். விரிப்பின் வரியைப் பூட்டு வாங்குபவன் கட்டுவான்.

சுங்கவரிக்கு மேல் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி வருகிறது. வரி மதிப்பு, சுங்கவரி, உபவரி மூன்றையும் கூட்டி அதன் மேல் 18 சதவீதம் என்றால் 2,39,917 ரூபாய். ரொக்கமாகத் துறைமுகத்தில் கட்டிய பணம் என்பதால் முதலாளிகளுக்கு இதை அடக்கத்தில் சேர்க்கத்தான் கை போகும். வழக்கமான ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் சேர்க்கக் கூடாது. பில் ஆஃப் என்ட்ரியை ஆவணமாக வைத்து உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளும் தொகை இது. ஜிஎஸ்டி தளத்தில் வரும் GSTR-2B அறிக்கையில் அந்தப் பதிவு வந்திருக்கிறதா என்று பாருங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்காரருக்கு வரவு எடுக்கும் உரிமை இல்லை. அவருக்கு மட்டும் இந்தத் தொகையும் அடக்கத்தில் ஏறும். ஏஜென்ட் பில்லில் இருக்கும் ஜிஎஸ்டிக்கும் இதே நியாயம்தான். வருமான வரிக்கு மட்டும் கையிருப்பை வரியையும் சேர்த்து மதிப்பிடும் முறை உண்டு. அதைத் தணிக்கையாளர் ஆண்டு முடிவில் கொள்முதல், விற்பனை, கையிருப்பு எல்லாவற்றிலும் சேர்த்துக் காட்டுவார். அன்றாடப் புத்தகத்தில் அதைக் கலக்க வேண்டாம்.

இனிக் கப்பல் கட்டணம். சுங்கத்துறை மதிப்பின்படி பங்கிட்டது, நாமும் அப்படியே செய்தால் என்ன என்று கேட்பார்கள். சுங்கத்துறைக்கு வேண்டியது வரி மதிப்பு. நமக்கு வேண்டியது உண்மையான அடக்கம். கண்டெய்னர் நிறைந்தது எதனால்? 25 கன மீட்டரில் 20 விரிப்பு. கப்பல்காரன் இடத்தை விற்றான், அந்த இடத்தை விரிப்புதான் தின்றது. ஆகவே கன மீட்டருக்கு 6,000 வீதம் பூட்டுக்கு 30,000, விரிப்புக்கு 1,20,000. முனையக் கட்டணமும் லாரியும் கண்டெய்னருக்காகக் கொடுத்தவை. 65,000 ரூபாயை இடத்தின்படி 13,000 என்றும் 52,000 என்றும் பிரிக்கலாம். இதுவே தரைக்கல், இரும்புக் கம்பி போல இடம் நிறைவதற்கு முன் எடை நிறையும் சரக்காக இருந்தால் அளவுகோல் எடையாக மாறும். காப்பீடு மதிப்புக்குச் செய்வது. அதனால் அது மட்டும் மதிப்பின்படி 3,000, 2,000.

| | பூட்டு | விரிப்பு |
|---|---|---|
| வாங்கிய விலை | 6,00,000 | 4,00,000 |
| கப்பல் கட்டணம் | 30,000 | 1,20,000 |
| காப்பீடு | 3,000 | 2,000 |
| சுங்கவரி, உபவரி | 76,230 | 1,01,640 |
| முனையம், ஏஜென்ட், லாரி | 13,000 | 52,000 |
| மொத்தம் | 7,22,230 | 6,75,640 |
| ஒன்றின் அடக்கம் | 361.12 | 1,689.10 |

எல்லாச் செலவையும் ஒரே மூட்டையாகக் கட்டி மதிப்பின்படி பிரித்திருந்தால் பூட்டின் அடக்கம் 419.36 என்றும் விரிப்பின் அடக்கம் 1,397.87 என்றும் வந்திருக்கும். விரிப்பைச் சுருள் 1,600 ரூபாய்க்கு விற்கும் கடைக்காரர், சுருளுக்கு 200 ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் ஒவ்வொரு சுருளிலும் 89 ரூபாய் கையைக் கடிக்கிறது. பக்கத்துக் கடையில் 410 ரூபாய்க்குப் பூட்டு கிடைக்கிறதே, அவனுக்கு எப்படிக் கட்டுபடியாகிறது என்ற புலம்பலும் சேர்ந்து வரும். மொத்த லாபத்தில் இந்தத் தவறு தெரியாது. கண்டெய்னர் முழுவதும் விற்று முடிந்தால் கூட்டுத்தொகை ஒன்றேதான். ஒரு சரக்கு மளமளவென்று போய் இன்னொன்று கிடப்பில் இருக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். நன்றாக ஓடும் சரக்கு நஷ்டம் தருவதாகவும், ஓடாத சரக்கு லாபம் தருவதாகவும் புத்தகம் சொன்னால் முதலில் இந்தப் பங்கீட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கணக்கு மென்பொருளில் ஒரு சிக்கல் உண்டு. கொள்முதல் பில்லில் கூடுதல் செலவைப் பங்கிடும்போது பெரும்பாலும் எண்ணிக்கைப்படி, மதிப்பின்படி என்ற இரண்டு வழிகள்தான் முதலில் வந்து நிற்கும். எண்ணிக்கையைத் தேர்ந்தெடுத்தால் உள்ளங்கையில் அடங்கும் பூட்டும் ஆள் உயரச் சுருளும் கப்பலில் ஆளுக்கு 62.50 ரூபாய் கட்டணம் கொடுத்ததாகப் புத்தகம் சொல்லும். ERPNext-இல் `Landed Cost Voucher` திறந்து `Distribute Manually` என்று வைத்தால் நம் எண்ணை நாமே இடலாம். அந்த வசதி இல்லாத மென்பொருளில், பங்கீட்டைத் தனித் தாளில் போட்டுவிட்டு, ஒவ்வொரு சரக்குக்கும் தனிக் கொள்முதல் பதிவு போட்டு அதனதன் செலவை ஏற்றிவிடுவேன். அழகான வழி இல்லை, ஆனால் எண் சரியாக நிற்கும்.

பில் ஆஃப் என்ட்ரியைப் பார்த்து அப்படியே கொள்முதலைப் பதிவதும் நான் அடிக்கடி திருத்தும் தவறு. அதில் இருப்பவை வரி கணக்கிடுவதற்கான எண்கள். டாலரை ரூபாயாக்க அங்கே இருப்பது சுங்கத்துறை அறிவித்த மாற்று விகிதம். கொள்முதலைப் பதிய வேண்டியது பரிவர்த்தனை நாளின் சந்தை விகிதத்தில். நம் கணக்கில் இரண்டும் ஒன்றாக இருந்ததாகக் கொண்டோம், நடைமுறையில் அப்படி அமைவது அரிது. பிறகு பணம் அனுப்பும் நாளில் ரூபாய் சரிந்து 12,000 கூடுதலாகப் போனால், அது அந்நியச் செலாவணி நஷ்டம்; பூட்டின் அடக்கத்தில் ஏறாது. இன்னொன்று, காப்பீட்டுத் தொகை தெரியாவிட்டால் சுங்க மதிப்பீட்டு விதிகளின்படி கப்பலேற்றிய விலையில் 1.125 சதவீதமும், கட்டணம் தெரியாவிட்டால் 20 சதவீதமும் சேர்த்து வரி மதிப்பு போடப்படும். காப்பீடே செய்யாத ஒருவரின் புத்தகத்தில் 11,250 ரூபாய் காப்பீட்டுச் செலவு நின்றிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். “பில்லில் இருந்ததே அண்ணா” என்றார். வரி மதிப்பில் இருந்தது, அவர் கையிலிருந்து போகவில்லை. அந்த எண்ணால் கூடிய வரி மட்டும்தான் அவருடைய செலவு.

தாமதக் கட்டணம் அடக்கத்தில் சேராது. காகிதம் சரியில்லாமல் கண்டெய்னர் ஐந்து நாள் கிடந்து 18,000 ரூபாய் கட்டினால் அது அந்த மாதத்தின் நஷ்டம். அபராதமும் வட்டியும் அப்படியே. இவற்றைச் சரக்கின் மேல் ஏற்றினால் நம் கவனக்குறைவும் ஆண்டு முடிவில் சொத்தாக நிற்கும்.

கடைசியாக, பிந்தி வரும் பில். சரக்கு இறங்கி விற்பனையும் தொடங்கிவிடும். ஏஜென்டின் இறுதி பில் மூன்று வாரம் கழித்து வரும். சரக்கு வந்த அன்றே அவரிடம் உத்தேசத் தொகையைக் கேட்டு, கொடுக்க வேண்டிய செலவு என்று பதிந்து அடக்கத்தில் ஏற்றிவிட வேண்டும். பில் வரும்போது உத்தேசத்தை விட விரிப்பின் பங்கில் 8,000 கூடியிருக்கிறது என்றால் சுருளுக்கு 20 ரூபாய். அதற்குள் 150 சுருள் விற்றிருந்தால் 3,000 ரூபாயை விற்ற சரக்கின் அடக்கத்தில் போடுங்கள். மீதி 250 சுருளுக்கான 5,000 கையிருப்பில் ஏறும். மொத்தத்தையும் மீதிச் சரக்கின் மேல் தள்ளினால் சுருளுக்கு 32 ரூபாய் ஆகிவிடும். அப்புறம் வாங்குபவரிடம் பேரம் பேசும்போது கடைப்பையன் அந்த 12 ரூபாய்க்காக வியாபாரத்தை விட்டுவிடுவான்.