வழிமீட்டல்: ‘கிட்டிய வீதியில் ஒட்டுதல்’ ஏன் பிழை

‘மேப் மேட்சிங்’ என்பதைக் ‘கிட்டிய வீதியில் ஒட்டுதல்’ என்று எழுதுகிற பழக்கம் நம் பக்கத்துப் பயிற்சிக் கையேடுகளில் வேரூன்றிவிட்டது. கொஞ்சம் கூடப் படித்தவர்கள் ‘வரைபடப் பொருத்தம்’ என்கிறார்கள். இரண்டும் பிழை. ஆனால் ஒரே அளவான பிழை அல்ல. ‘வரைபடப் பொருத்தம்’ எதையும் விளங்கப்படுத்தாமல் சும்மா நிற்கிறது. ‘கிட்டிய வீதியில் ஒட்டுதல்’ தெளிவாகப் பேசிப் பிழையான வேலையைச் சொல்லிக்கொடுக்கிறது. அதனால்தான் அதன் மேல் எனக்குக் கோபம் கூட.

முதலில் பொருள். டக்சி ஓடும்போது சாரதியின் போன் சில விநாடிகளுக்கு ஒரு தடவை தன் இருப்பிடத்தை ஜிபிஎஸ் புள்ளியாக அனுப்புகிறது. அந்தப் புள்ளி வீதியின் மேலேயே விழுவதில்லை. சில மீற்றர் தள்ளி, ஒருவரின் வளவுக்குள்ளோ வாவிக்குள்ளோ விழும். இப்படிச் சிதறிக் கிடக்கும் புள்ளிகளை வைத்து, வண்டி எந்தெந்த வீதியால், எந்த ஒழுங்கில், எங்கே திரும்பிப் போனது என்று கண்டுபிடிப்பதே மேப் மேட்சிங்.

சொல்லின் பிறப்பு சுருக்கமானது. ‘மேட்ச்’ என்பது பழைய ஆங்கிலத்தில் இணை, துணை என்ற பொருளில் இருந்த சொல். நாம் ‘ஒட்டுதல்’ என்று பெயர்க்கும் ‘ஸ்னாப்’ டச்சுப் பக்கத்திலிருந்து வந்தது. வாயால் கவ்வுவது அதன் முதற்பொருள். கணினியில் படம் வரைபவர்கள் ஒரு கோடு மற்றக் கோட்டைத் தானாகப் போய்ப் பிடித்துக்கொள்வதற்கு அந்தச் சொல்லை வைத்தார்கள். நம்முடைய ‘ஒட்டுதல்’ அங்கிருந்து வந்த சரக்கு.

இனி வழக்குக்கு வருவோம். ‘கிட்டிய’ என்ற அடைமொழிதான் குற்றவாளி. ஒவ்வொரு புள்ளிக்கும் எது கிட்டிய வீதியோ அதில் கொண்டுபோய் ஒட்டினால் வழி வந்துவிடும் என்று அது சொல்கிறது. வராது. ஏன் வராது என்பதற்கு மட்டக்களப்பு ஆட்களுக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. கல்லடிப் பாலம் இருக்கிறது. 1924இல் கட்டிய பழைய லேடி மானிங் பாலமும், 2013இல் திறந்த புதிய பாலமும் வாவியின் மேல் பக்கத்தில் பக்கமாக நிற்கின்றன. டக்சி போவது புதிய பாலத்தால். புள்ளி பத்து மீற்றர் பிசகினால் கிட்டியது எது?

கணக்காகவே பார்த்துவிடலாம். இரண்டு பாலங்களின் நடுக்கோடுகளுக்கிடையே 20 மீற்றர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வண்டி அரசடிப் பக்கமிருந்து கல்லடிக்குப் போகிறது. மணிக்கு 40 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைந்த வேகம், 15 விநாடிக்கு ஒரு புள்ளி. அப்படியென்றால் இரண்டு புள்ளிகளுக்கிடையே ஏறத்தாழ 150 மீற்றர். பாலத்தைக் கடக்கும்போது வருவதே இரண்டு புள்ளிதான். இரண்டும் பாலங்களுக்கு நடுவே, தண்ணீர் மேல் விழுந்திருக்கின்றன. முதற்புள்ளி புதிய பாலத்திலிருந்து 5 மீற்றர், பழையதிலிருந்து 15. இரண்டாவது புதியதிலிருந்து 12, பழையதிலிருந்து 8.

கிட்டியதில் ஒட்டுபவர் முதற்புள்ளியைப் புதிய பாலத்திலும் இரண்டாவதைப் பழைய பாலத்திலும் ஒட்டுவார். அதாவது வாவியின் நடுவில் டக்சி ஒரு பாலத்திலிருந்து மற்றதற்குப் பாய்ந்துவிட்டது. அதைக் கோடாக இணைக்கச் சொன்னால் மென்பொருள் கல்லடி முனைவரை போய், பழைய பாலத்தில் ஏறித் திரும்பி வந்த மாதிரி ஒரு வழியைக் கீறும். கட்டணமும் அதற்கேற்ப ஏறும். ‘நான் பழைய பாலத்தால போகல்லயே மனே’ என்று சாரதி வாதாட வேண்டி வருவது இதனால்தான்.

சரியான முறை தனிப் புள்ளியை அல்ல, அடுத்தடுத்த புள்ளிகளின் சங்கிலியைப் பார்க்கிறது. மைக்ரோசொஃப்ட் ஆய்வுப் பிரிவின் நியூசனும் கிரமும் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் வந்த வடிவம்தான் இன்று பல மென்பொருள்களின் அடித்தளம். அதில் இரண்டு கேள்விகள் உண்டு. வண்டி உண்மையில் இந்த வீதியில் இருந்திருந்தால் புள்ளி இவ்வளவு தள்ளி விழுவது எவ்வளவு இயல்பு என்பது முதலாவது. இந்த வீதியிலிருந்து அடுத்த புள்ளிக்குரிய வீதிக்குப் போக ஓட வேண்டிய தூரம், இரண்டு புள்ளிக்கும் இடையிலான நேர்த்தூரத்தோடு எவ்வளவு ஒத்துவருகிறது என்பது இரண்டாவது. டக்சிக்காரர் வீணாகச் சுற்றமாட்டார் என்ற ஊர் அறிவுதான் இந்த இரண்டாவது கேள்வி.

```
புள்ளி மதிப்பெண் = exp(-d² / 2σ²)
பாதை மதிப்பெண்  = exp(-|வீதித்தூரம் - நேர்த்தூரம்| / β)
```

d என்பது புள்ளிக்கும் வீதிக்கும் இடையிலான தூரம். ஜிபிஎஸ் சிதறலான σ 10 மீற்றர், சுற்றுப்போக்கை எவ்வளவு பொறுப்பது என்று சொல்லும் β 20 மீற்றர் என்று எடுப்போம். சியாட்டிலில் ஓடி அளந்த அந்தக் கட்டுரையில் σ 4.07 மீற்றர், டாஷ்போர்ட் மூலையில் கிடக்கும் நம் போனுக்கு நான் கூட்டி வைக்கிறேன். முதற்புள்ளிக்குப் புதிய பாலம் 0.88, பழையது 0.32. இரண்டாவதற்குப் புதியது 0.49, பழையது 0.73. இரண்டாம் புள்ளியைத் தனியாக எடுத்தால் பழைய பாலம்தான் வெல்கிறது.

இனிச் சங்கிலி. புதியதிலேயே தொடர்ந்து போனால் வீதித்தூரமும் நேர்த்தூரமும் ஒரு மீற்றர்தான் வித்தியாசம் என்று வைப்போம். பாதை மதிப்பெண் 0.95. மூன்றையும் பெருக்கினால் 0.41. முழுக்கப் பழையதில் என்றால் அதே முறையில் 0.22. புதியதிலிருந்து பழையதற்குத் தாவினால்? பாலத்தின் முனைக்குப் போய்த் திரும்பி வர 240 மீற்றர் கூடுதலாக ஓட வேண்டும் என்று வைத்தால், பாதை மதிப்பெண் மட்டும் இலட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. ஆகப் புதிய பாலம் வெல்கிறது. இரண்டாம் புள்ளி தனக்குக் கிட்டாத வீதிக்குப் போய்ச் சேருகிறது, அதுவே சரியான விடை. புள்ளிகள் நூறாகும்போது எல்லாச் சேர்க்கையையும் தனித்தனியே பெருக்கிப் பார்க்க முடியாது. பொறியியலாளர் விட்டர்பி 1967இல் தந்த முறை, ஒவ்வொரு புள்ளியிலும் ஒவ்வொரு வீதிக்கும் வெல்லும் சங்கிலியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்துவிடும்.

இப்போது சொல்லுங்கள், ‘கிட்டிய வீதியில் ஒட்டுதல்’ என்று இதற்கு எப்படிப் பெயர் வைப்பது? மென்பொருள் செய்தவர்களே இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். வீதி வழி தேடித் தரும் திறந்த மென்பொருளான OSRM இல் `nearest` வேறு, `match` வேறு. முதலாவது ஒரு புள்ளிக்குக் கிட்டிய வீதியைச் சொல்லும். இரண்டாவது முழுத் தடத்தையும் வாங்கி வழியைத் தரும். மொழிபெயர்ப்பாளர் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு நகர்கிறார். கையேட்டை நம்பிய பிள்ளை `nearest`ஐச் சுற்றிச் சுற்றிக் கூப்பிட்டுவிட்டு, வழி ஏன் மின்னல் மாதிரிக் கோணிக் கிடக்கிறது என்று தலையைச் சொறிகிறது.

‘வரைபடப் பொருத்தம்’ பற்றியும் இரண்டு வார்த்தை. பொருத்தம் என்றால் நமக்கு உடனே சாதகம்தான். அது போகட்டும். இங்கே எதற்கும் எதற்கும் பொருத்தம்? சொல்லைப் பார்த்தால் ஒரு வரைபடத்தை மற்ற வரைபடத்தோடு பொருத்துவது என்றே படும். நில அளவை ஆட்கள் பழைய படத்தைப் புதிய படத்தின் மேல் வைத்து ஒத்துப்பார்ப்பார்கள். அந்த வேலைக்கு இந்தப் பெயர் அழகாக இருக்கும். நாம் பேசுவது டக்சி போன வழியைப் பற்றி. பெயரில் வழியும் இல்லை, தடமும் இல்லை.

என் பரிந்துரை வழிமீட்டல். தடம் என்பது புள்ளிகளின் வரிசை, வழி என்பது வண்டி போன வீதிகளின் வரிசை. சிதைந்த தடத்திலிருந்து வழியை மீட்டெடுக்கிறோம். இந்தியத் தமிழில் மீட்டல் என்றால் வீணை நினைவுக்கு வரலாம். நமக்குப் பள்ளிக்கூடத்து மீட்டல் பயிற்சிதான் நினைவுக்கு வரும், போனதைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது. அது இங்கே அப்படியே பொருந்துகிறது. ‘மீட்பு’ என்று வைக்காததற்குக் காரணம், கிழக்கில் அந்தச் சொல் ஏற்கெனவே வெள்ளத்தையும் காணியையும் சுமந்துகொண்டிருக்கிறது. தனித்தமிழ் ஆர்வலர் சிலர் ஆறு என்றால் வழி என்று பிடித்து ‘ஆற்றுப்படுத்தல்’ என்கிறார்கள். இலக்கியமாக இனிக்கிறதுதான். ஆனால் சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் ஆற்றுப்படுத்தல் என்றால் மனத்தைத் தேற்றுவது. ஜிபிஎஸ் புள்ளியைத் தேற்றி என்ன செய்ய?

பெயர் சரியானால் அந்த வேலையின் எல்லையும் விளங்கும். முன் கணக்கில் முதற்புள்ளியும் பழைய பாலத்துக்கு 8 மீற்றரில் விழுந்திருந்தால், முழுச் சங்கிலியும் பழைய பாலத்துக்கே போயிருக்கும். பாதை நீளம் இரண்டிலும் ஒன்றுதானே. அதைக் கணக்குத் திருத்தாது, வரைபடம்தான் திருத்தும். பழைய பாலத்தால் மோட்டார் வண்டி போகாது என்று வரைபடத்தில் `motor_vehicle=no` குறித்திருந்தால் அது போட்டிக்கே வராது. வரைபடத்தில் இல்லாத ஒழுங்கை இன்னொரு தொல்லை. காத்தான்குடியின் நெருக்கமான ஒழுங்கைகளில் ஒன்று படத்தில் விடுபட்டால், அதனால் போன வண்டியை மென்பொருள் பிரதான வீதியால் சுற்றி அனுப்பும். கண்டுபிடிக்க எளிய வழி வேகம்: மீட்ட வழியின் நீளத்தை எடுத்த நேரத்தால் வகுத்துப் பாருங்கள். சந்தைச் சனத்துக்கு நடுவே மணிக்கு 110 கிலோமீற்றர் வந்தால் அந்த வழி பொய். புள்ளிகளுக்கிடையே நேரம் கூடினாலும் இதே கதைதான். நியூசனும் கிரமும் பார்த்ததில் 30 விநாடி வரை தாங்கியது, அதற்கு மேல் பிழை ஏறியது.

அந்தக் கையேடுகளில் ஒன்றில், `match` தரும் `confidence` என்ற எண்ணைத் ‘தன்னம்பிக்கை’ என்று பெயர்த்திருக்கிறார்கள். மென்பொருளுக்குத் தன்னம்பிக்கை இருந்து நமக்கென்ன இலாபம்? அது 0க்கும் 1க்கும் இடையில் வரும் உறுதியளவு. 0.1 வந்தால் அந்தப் பயணத்தின் கட்டணத்தை ஒருவர் கண்ணால் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். 0.9 வந்தாலும் பாலம் மாறியிருக்கலாம். முழுவதும் பக்கத்துப் பாலத்தில் விழுந்த தடத்துக்கு நீளத்தில் குறை எதுவும் தெரியாது.