ஓரத்தில் இருந்த 200

இந்த வாரத்தில் மட்டும் இது நான்காவது முறை. போனில் ஒரு வினாவின் படம் வருகிறது. நான் கணக்கைப் போட்டு அனுப்புகிறேன். இரண்டே நிமிடத்தில் பதில் வருகிறது: "மிஸ், நீங்க போட்டது தப்பு. பக்கத்துல வேற விடை எழுதியிருக்கு." பக்கத்தில் என்றால் வினாவின் ஓரத்தில், பென்சிலில். யார் எழுதியது என்று கேட்டால் தெரியாது. புத்தகம் ஓர் அக்காவிடமிருந்து வந்தது, அந்த அக்காவுக்கு வேறு யாரோ கொடுத்தது. முகம் தெரியாத அந்தக் கையெழுத்துக்குக் கிடைக்கிற நம்பிக்கை, வருடக்கணக்காக இயற்பியல் நடத்தும் எனக்குக் கிடைப்பதில்லை. சரி, அதுகூடப் பரவாயில்லை. அந்த ஓரக்கணக்கை அப்படியே தேர்வுத்தாளில் எழுதிவிட்டு வருகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கடைசியாக வந்த வினா இது: கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் 15 மீ/வி வேகத்தில் செங்குத்தாக மேல்நோக்கி எறியப்படுகிறது. 5 வினாடியில் அது தரையை அடைகிறது. புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி² எனில் கோபுரத்தின் உயரம் என்ன?

ஓரத்தில் பென்சிலில் இருந்தது இது:

```
s = ut + ½at²
  = 15×5 + ½×10×25
  = 75 + 125
  = 200
```

200 என்பதைச் சுற்றி ஒரு வட்டம், அதன் பக்கத்தில் ஒரு டிக். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

நான் அனுப்பியது வேறு. மேல்நோக்கிய திசையைக் கூட்டல் என்று வைத்தால், தொடக்கத் திசைவேகம் +15, முடுக்கம் −10. இடப்பெயர்ச்சி 75 − 125 = −50. கழித்தல் குறி, கல் தொடங்கிய இடத்துக்குக் கீழே 50 மீட்டரில் போய் விழுந்தது என்று சொல்கிறது. அதனால் கோபுரத்தின் உயரம் 50 மீட்டர்.

"ரெண்டுல எது சரி மிஸ்?" என்று படம் அனுப்பிய மாணவி கேட்டாள். இங்கே வாக்கெடுப்பு எதற்கு? கல்லையே கேட்கலாமே. ஒரு கல்லைச் சும்மா கையிலிருந்து விட்டால் 5 வினாடியில் அது விழும் தூரம் ½×10×25, அதாவது 125 மீட்டர். நம் கல்லோ முதல் ஒன்றரை வினாடியை மேலே ஏறுவதிலேயே செலவழித்துவிட்டது. அப்புறம் எப்படி அது சும்மா விட்ட கல்லைவிட ஆழத்துக்குப் போயிருக்கும்? கோபுரம் 125 மீட்டருக்குள்தான் இருந்தாக வேண்டும். 200 என்பது வர வழியே இல்லை. இதைக் கண்டுபிடிக்கக் குறிகளைப் பற்றிய பாடம்கூட வேண்டாம்.

இன்னும் சந்தேகமென்றால் துண்டு துண்டாகப் போட்டுப் பாருங்கள். 1.5 வினாடியில் கல் 11.25 மீட்டர் ஏறி நிற்கிறது. மீதி 3.5 வினாடியில் அந்த இடத்திலிருந்து 61.25 மீட்டர் இறங்குகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 50. வேறு வழியில் போனாலும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தால், அந்த விடையை நம்பலாம்.

இதோடு விட்டிருப்பேன். ஆனால் அந்தக் கையெழுத்து என்னை உறுத்தியது. இவ்வளவு ஒழுங்காக எழுதுகிறவர் குறியில் இப்படிச் சறுக்குவாரா? முழுப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. பக்கத்தின் அடியில் அதே வினாவின் (ஆ) பிரிவு இருந்தது: வேறொரு கோபுரத்திலிருந்து அதே வேகத்தில் கீழ்நோக்கி எறியப்பட்ட கல் 5 வினாடியில் தரையை அடைந்தால், அதன் உயரம் என்ன? அங்கே கல்லின் வேகமும் முடுக்கமும் ஒரே திசை. 75 + 125 = 200. முற்றிலும் சரி!

அடியில் இடமில்லாததால் அந்த மாணவர் மேலே காலியாக இருந்த ஓரத்தில் போட்டு, அங்கிருந்து (ஆ)வுக்கு ஓர் அம்புக்குறியும் இழுத்திருக்கிறார். முதல் படத்தில் அந்த அம்பு பாதியிலேயே வெட்டுப்பட்டுப் போயிருந்தது. பெயர் தெரியாத அந்த மாணவரை மனதுக்குள் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தப்பு அவருடையதில்லை, படத்தின் சட்டத்தைக் குறுக்கியவளுடையது. நானும் முதல் படத்திலேயே அந்தப் பாதி அம்பைக் கவனித்திருக்கலாம்.

இப்போது எனக்கு மிகவும் எரிச்சல் தரும் விஷயத்துக்கு வருகிறேன். அந்த டிக்.

"டிக் போட்டிருக்கு மிஸ், அப்ப சரியாத்தானே இருக்கும்?" இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. டிக் என்றதும் திருத்திய ஆசிரியரின் பேனா உங்கள் மனக்கண்ணில் வந்துவிடுகிறது. ஆனால் ஒரு மாணவர் தன் புத்தகத்தில் தானே போட்டுக்கொள்ளும் டிக் வேறு சாதி. "இதைப் போட்டு முடித்துவிட்டேன்" என்று இருக்கலாம். "தேர்வுக்கு முன் இதைத் திரும்பப் பார்க்க வேண்டும்" என்று இருக்கலாம். "வகுப்பில் நடத்தியாயிற்று" என்று இருக்கலாம். "இது வராது, விட்டுவிடு" என்பதற்கு டிக் போடுகிற ஒரு பையனை எனக்கு நேரில் தெரியும். பெருக்கல் குறியை அவன் முக்கியமான வினாவுக்கு வைத்திருந்தான். கொள்குறி வினாவில் ஒரு விடையைச் சுற்றிப் போட்ட வட்டமும் அப்படித்தான். முதல் ஊகமாக இருக்கலாம், பிறகு மாற்றிய ஊகமாகவும் இருக்கலாம். அந்தக் குறிக்கு என்ன பொருள் என்று போட்டவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வருடம் போனால் அவருக்கே தெரியாது. வட்டம், டிக், அடிக்கோடு, நட்சத்திரம் எதுவுமே விடைக்குச் சாட்சி ஆகாது. தயவுசெய்து இந்த ஒன்றையாவது மனதில் வையுங்கள்.

அழகான கையெழுத்தும் சாட்சி இல்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறவர் ஒரு வரியை விட்டுவிட்டாலும் கையெழுத்து அழகாகவேதான் இருக்கும்.

விடை சரியாக இருந்து வழி தப்பாக இருப்பது இதைவிட மோசமான வகை. இதே வினாவுக்கு இன்னொரு புத்தகத்தின் ஓரத்தில் "75 − 125 = 50" என்று பார்த்தேன். கழித்தல் குறியைக் காணோம். பின்பக்கத்தில் 50 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, வந்த −50ஐ யாரோ ஓசைப்படாமல் 50 ஆக்கியிருக்கிறார்கள். இதைப் படிக்கிற பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? கடைசியில் குறி வந்தால் எடுத்துவிடலாம் என்றுதானே? அடுத்த கணக்கில் 2 வினாடிக்குப் பிறகு அதே கல் எங்கே இருக்கும் என்று கேட்டால், 30 − 20 = +10, உச்சிக்கு மேலே 10 மீட்டர். 4 வினாடிக்குப் பிறகு 60 − 80 = −20, உச்சிக்குக் கீழே 20 மீட்டர். குறியைத் தூக்கி எறிந்தவருக்கு மேலும் கீழும் ஒன்றுதான். ஒரு வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது என்று உங்களால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லையென்றால், அந்த ஓரக்கணக்கை அங்கேயே நிறுத்துங்கள்.

நான் மட்டும் தப்பித்தேன் என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை, முடுக்கத்தை 9.8 என்று எடுத்துக்கொண்டு, 75 − 122.5 என்று போட்டு, 47.5 மீட்டர் என்று அனுப்பிவைத்தேன். 9.8 அச்சில் இருந்ததில்லை, 10க்கு மேலே யாரோ பென்சிலில் எழுதியது. படத்தை ஸ்கேன் செயலியின் கறுப்பு வெள்ளை வடிகட்டியில் போட்டு அனுப்பியிருந்தார்கள். அந்த வடிகட்டி, வெளிறியதை எல்லாம் வெள்ளையாக்கி, மீதி எல்லாவற்றையும் ஒரே கறுப்பாக்கிவிடும். அச்சு எது, பென்சில் எது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. கழித்தல் குறியின் மேல் விழுந்த ஒரு சின்னக் கோடு அதைக் கூட்டல் ஆக்கிவிடும். 1 அழகாக 7 ஆகிவிடும். அன்றிலிருந்து வடிகட்டிய படத்துக்கு நான் பதில் போடுவதில்லை. வண்ணப் படம் அனுப்பச் சொல்கிறேன். அதில் பென்சில் சாம்பல் நிறத்தில் பளபளக்கும், அச்செழுத்து வரி பிசகாமல் நிற்கும்.

அதற்காக ஓரக்குறிப்பு எல்லாம் குப்பை என்று சொல்ல வரவில்லை. அச்சுப்பிழையை முதலில் பிடிப்பது பல நேரம் அந்தப் பென்சில்தான். வினாவில் 15 என்று இருக்கிறது, ஓரத்தில் "20 என்று திருத்துக" என்று இருக்கிறது என்று வையுங்கள். இரண்டையும் போட்டுப் பாருங்கள். 15க்கு வரும் 50 கொடுத்த விடைகளில் இல்லாமல், 20க்கு வரும் 25 இருந்தால், அந்தக் குறிப்பு ஏதோ தெரிந்துதான் பேசுகிறது. அப்போதும், "அச்சில் 15, விடைகள் 20க்குத்தான் பொருந்துகின்றன" என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். நீங்களே அடித்து எழுதி, அடுத்தவருக்குப் புதிய புதிர் போட வேண்டாம்.

வினாவை அனுப்பும்போது பக்கத்தை முழுதாக எடுங்கள். நான்கு ஓரமும் தெரியட்டும், மேலே இருக்கும் பொதுக் குறிப்பும் கீழே இருக்கும் உட்பிரிவும் வரட்டும். "பென்சில் என்னுடையது இல்லை" என்று ஒரு வரி போடுங்கள். அந்த ஒரு வரி எனக்கு எவ்வளவு நேரம் மிச்சமாக்கும் தெரியுமா? உங்கள் கணக்கு என்று நினைத்து, நீங்கள் செய்யாத பிழைக்குப் பத்து நிமிடம் விளக்கம் சொல்லியிருக்கிறேன்.

போட்டுப் பார்க்கும்போது ஓரத்தை ஒரு தாளால் மூடிக்கொள்ளுங்கள். ஒரு முறை பார்த்துவிட்டால் கை தானாக அந்த வழியில்தான் போகும், அனுபவப்பட்டுச் சொல்கிறேன். முடித்த பிறகு தாளை எடுத்துவிட்டு, கடைசி வரியை ஒப்பிடாமல், முதலில் எந்த வரியில் இரண்டும் பிரிகின்றன என்று தேடுங்கள். நம் கல்லில் அந்தப் பிரிவு இரண்டாம் வரியிலேயே வந்துவிட்டது: அவருக்கு +, எனக்கு −. அந்த இடத்தில் நின்று, "இவர் எந்தத் திசையைக் கூட்டல் என்று வைத்தார்?" என்று கேட்டிருந்தால், கல் கீழ்நோக்கி எறியப்பட்ட கணக்கு அது என்று அவளுக்கே பிடிபட்டிருக்கும்.

புத்தகத்தைத் தம்பி தங்கைகளுக்குக் கொடுக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அழிக்கச் சொல்லவில்லை. கணக்கின் தலையில் வினா எண்ணையும் உட்பிரிவையும் எழுதிவிட்டுக் கொடுங்கள். அந்த 200க்கு மேலே "(ஆ)" என்று ஓர் எழுத்து இருந்திருந்தால் போதும், இத்தனையும் நடந்திருக்காது.