"விடைத்தாளைக் காட்ட முடியாது" என்று பள்ளி சொன்னால்: அமெரிக்காவில் பெற்றோருக்கு உள்ள பதிவு உரிமை

மகளுக்குப் பள்ளியில் உளவியல் சோதனை முடிந்து அறிக்கை கைக்கு வருகிறது. அதிலுள்ள ஓர் எண் உங்கள் மனதுக்கு ஒப்பவில்லை. "அவள் என்ன பதில் சொன்னாள், எதற்கு எத்தனை மதிப்பெண் போட்டீர்கள் என்று பார்க்க வேண்டும், அந்தத் தாளைக் காட்டுங்கள்" என்று கேட்கிறீர்கள். "அது காப்புரிமை உள்ள சோதனை, காட்ட முடியாது" என்கிறது பள்ளி.

இந்தப் பதிலில் பாதி சரி, பாதி தவறு. எது சரி, எது தவறு என்று தெரிந்துகொண்டு பேசினால் பாதிச் சண்டை குறையும்.

முதலில் சட்டம். கல்விப் பதிவுகள் பற்றி 1974-இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தைச் சுருக்கமாக 'ஃபெர்பா' என்பார்கள். பள்ளி தன் மாணவரைப் பற்றி வைத்திருக்கும் பதிவுகளைப் பெற்றோர் பார்வையிடலாம் என்பது அதன் மையம். கேட்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பள்ளி காட்டியாக வேண்டும். சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகளுக்கு 'ஐடியா' என்ற இன்னொரு சட்டமும் துணைக்கு வருகிறது. அதன்படி, பிள்ளையின் கல்வித் திட்டத்தை முடிவு செய்யும் கூட்டத்துக்கு முன்பே, தேவையற்ற தாமதம் இல்லாமல் காட்ட வேண்டும். கூட்டம் அடுத்த வாரம் என்றால் "இன்னும் 45 நாள் இருக்கிறதே" என்று பள்ளி சொல்ல முடியாது.

சோதனையில் மூன்று வகைத் தாள்கள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் தகராறே தொடங்குகிறது. ஒன்று, சோதனையின் கேள்விப் புத்தகமும் கையேடும். அதில் எந்தப் பிள்ளையின் பெயரும் இல்லை. அது பதிப்பகத்தின் சரக்கு. இரண்டாவது, சோதனை நடக்கும்போது உளவியலாளர் நிரப்பும் விடைப்பதிவுத் தாள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, ஒவ்வொரு கேள்விக்கும் அவள் சொன்ன பதில், கொடுத்த மதிப்பெண், "இங்கே அவசரப்பட்டாள்", "கேள்வியைத் திரும்பக் கேட்டாள்" போன்ற ஓரக் குறிப்புகள் எல்லாம் இதில்தான். மூலத் தரவு என்று சொல்வது இதைத்தான். மூன்றாவது, கடைசியில் எழுதும் அறிக்கை.

பெயர் இல்லாத கேள்விப் புத்தகம் கல்விப் பதிவு ஆகாது. அதைத் தர மறுப்பது சரி. கேள்விகள் வெளியே கசிந்துவிட்டால், முன்கூட்டியே பயிற்சி எடுத்து வரும் பிள்ளைகளிடம் அந்தச் சோதனை எதையும் அளக்காது என்பது நியாயமான கவலை. ஆனால் மகளின் பெயரோடு அவள் பதில்கள் பதிந்த தாள் கல்விப் பதிவுதான். அச்சிட்ட கேள்வியின் ஒரு பகுதி அதில் இருக்கிறது என்பதற்காகப் பெற்றோர் கண்ணில் காட்டாமல் இருக்க முடியாது. காப்புரிமை நகல் எடுப்பதைத்தான் தொடும், பார்ப்பதைத் தொடாது.

நகல் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. ஃபெர்பா பொதுவாகப் பார்வையிடும் உரிமையைத்தான் தருகிறது. நேரில் வந்து பார்ப்பது நடைமுறையில் முடியாத காரியம் என்றால்தான் நகலோ வேறு ஏற்பாடோ செய்ய வேண்டும். சில மாநிலங்கள் இதைவிடத் தாராளம். கலிபோர்னியாவில் சிறப்புக் கல்விப் பதிவுகளின் நகலைக் கேட்ட 5 வேலை நாளுக்குள் தர வேண்டும். அங்கே ஒரு பள்ளி மாவட்டம் காப்புரிமையைக் காட்டி மறுத்தபோது, பிள்ளையின் விடைப்பதிவுத் தாளைப் பெற்றோருக்கு நகலெடுத்துத் தருவது நியாயமான பயன்பாடுதான் என்று 2005-இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது அந்தப் பகுதி நீதிமன்றத்தின் தீர்ப்பு. நாடு முழுவதையும் கட்டுப்படுத்தாது. உங்கள் மாநில விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, தாளைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? ஓர் எடுத்துக்காட்டு. 2014 மார்ச் 18-இல் பிறந்த சிறுமிக்கு 2024 மார்ச் 5-இல் வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனை நடக்கிறது. ஆண்டை மட்டும் கழித்துப் பார்த்தால் வயது 10. முறையாக நாளையும் மாதத்தையும் கழித்தால் 9 ஆண்டு 11 மாதம் 17 நாள். இந்தச் சோதனையில் நான்கு மாதத்துக்கு ஓர் அட்டவணை. பிள்ளை எடுத்த மூல மதிப்பெண்ணை அவள் வயது அட்டவணையில் தேடித்தான் ஒப்பீட்டு மதிப்பெண்ணாக மாற்றுவார்கள். வயதை 10 என்று எழுதிவிட்டால் அடுத்த அட்டவணைக்குப் போய்விடும். அதாவது, அவளைவிட மூத்த பிள்ளைகளோடு ஒப்பிடப்படுவாள். அதே பதில்களுக்குக் குறைந்த எண் வரக்கூடும். தனித்தனிச் சோதனைகளின் சராசரி 10, மொத்தக் குறியீட்டின் சராசரி 100. சின்னச் சின்னக் குறைவுகள் கூடி மொத்தத்தில் சில புள்ளிகளை இழுத்துவிடும். உதவிக்குத் தகுதி உண்டா இல்லையா என்ற கோட்டருகே நிற்கும் பிள்ளைக்கு அந்தச் சில புள்ளியே போதும்.

இந்தத் தவறு அறிக்கையில் தெரியவே தெரியாது. விடைப்பதிவுத் தாளின் முதல் பக்கத்தில், வயதைக் கணக்கிடும் கட்டத்தில் இருக்கும். கூட்டல் பிழையும் அப்படித்தான். இவை இரண்டையும் பார்க்க உளவியல் படித்திருக்க வேண்டியதில்லை. கழித்தலும் கூட்டலும் தெரிந்தால் போதும். தொடர்ந்து சில பதில்கள் தவறினால் அந்தப் பகுதியை நிறுத்த வேண்டும் என்றும் விதி இருக்கிறது. சீக்கிரமே நிறுத்தியிருந்தாலும் அந்தத் தாளில்தான் தெரியும்.

ஆனால் ஒரு பதிலுக்கு 1 போட்டது சரியா, 2 போட்டிருக்க வேண்டுமா என்று நாமே தீர்ப்பு எழுதக் கூடாது. அதற்குக் கையேடு வேண்டும், பழக்கமும் வேண்டும். அதனால்தான் சட்டம் இன்னொன்றையும் சேர்த்துத் தருகிறது: பதிவுக்கு விளக்கம் கேட்கும் உரிமை. நியாயமான கேள்விகளுக்குப் பள்ளி பதில் சொல்ல வேண்டும். நல்ல உளவியலாளர் தாளை மேசையில் நீட்டிவிட்டுப் போக மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டிச் சொல்வார். உங்கள் சார்பில் வெளி உளவியலாளர் ஒருவரையும் பார்க்கச் சொல்லலாம். என்னைக் கேட்டால் இதுதான் சிறந்த வழி. பள்ளிக்குக் கேள்வி கசியும் பயம் இருக்காது, உங்களுக்கும் தேர்ந்த கண் கிடைக்கும். அதே சோதனையைச் சில வாரத்தில் திரும்ப வைத்தால் பழக்கத்தால் எண் ஏறிவிடும் என்பதால், முதல் சோதனையின் மூலத் தரவு அந்த இரண்டாமவருக்குக் கட்டாயம் வேண்டும். பள்ளியின் மதிப்பீட்டையே ஏற்கவில்லை என்றால், பள்ளிச் செலவில் வெளி மதிப்பீடு கேட்கலாம். ஒன்று, பள்ளி அதற்குப் பணம் தர வேண்டும், இல்லையேல் தன் மதிப்பீடு சரி என்று விசாரணையில் நிரூபிக்க வேண்டும்.

உளவியலாளர்கள் சிலர் இன்னும் "தகுதி இல்லாதவருக்கு மூலத் தரவு தரக் கூடாது" என்று சொல்வதைக் கேட்கலாம். அது அமெரிக்க உளவியல் சங்கத்தின் பழைய நெறிமுறை. 2002-இல் மாற்றிய நெறிமுறையில், உரியவர் ஒப்புதல் தந்தால் தரவைத் தருவதே பொது விதி. கணிசமான தீங்கு நேரும், அல்லது தரவு தவறாகப் பயன்படும் என்றால் மட்டும் நிறுத்தி வைக்கலாம். பெற்றோர் கோபப்படுவார்கள் என்பது தீங்குக் கணக்கில் சேராது.

இனி ஆலோசனைக் குறிப்புகள். இங்கே உரிமை சுருங்குகிறது. சுருங்கவும் வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். பள்ளி ஆலோசகர் தன் நினைவுக்காக மட்டும் எழுதி, தன் கைவசமே வைத்து, தற்காலிகமாகத் தன் இடத்தில் வேலை பார்ப்பவரைத் தவிர யாருக்கும் காட்டாத குறிப்பு ஃபெர்பாவில் கல்விப் பதிவு அல்ல. அதைப் பெற்றோர் கேட்டு வாங்க முடியாது. ஆனால் அந்தக் குறிப்பை வகுப்பாசிரியரிடம் காட்டினாலோ, பலரும் திறக்கும் கோப்பில் போட்டாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும். அது கல்விப் பதிவாகிவிடும். ஆகவே "குறிப்பு இருக்கிறதா?" என்று கேட்பதைவிட "அதை வேறு யாராவது பார்த்திருக்கிறார்களா?" என்று கேட்பது உதவும்.

பள்ளிக்கு வெளியே, தனியார் சிகிச்சையாளரிடம் போனால் 'ஹிப்பா' என்ற மருத்துவத் தகவல் விதி வரும். அங்கே கெடு 30 நாள். ஒரே ஒருமுறை இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். உரையாடலில் பேசியதை அலசி எழுதி, மற்ற மருத்துவப் பதிவிலிருந்து பிரித்து வைத்த குறிப்பைக் கேட்டுப் பெறும் உரிமையை அந்த விதி தரவில்லை. ஆனால் எந்தெந்த நாள் எத்தனை நேரம் சந்திப்பு, என்ன வகைச் சிகிச்சை, மருந்து, நோயறிதல், சோதனை முடிவு, சிகிச்சைத் திட்டம், இதுவரை கண்ட முன்னேற்றம் ஆகியவை அந்த விலக்கில் வராது. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கலந்து எழுதிய சிகிச்சையாளர் பிறகு "இது என் தனிக் குறிப்பு" என்று சொல்ல முடியாது. பிரித்து வைத்தால்தான் விலக்கு.

இதில் பெற்றோர் பலர் கவனிக்காமல் கையெழுத்திடும் ஓர் இடம் உண்டு. வளரிளம் பிள்ளையின் முதல் சந்திப்பில், "பிள்ளை சொல்வது எங்களுக்குள் இருக்கட்டும், ஆபத்து என்றால் மட்டும் சொல்கிறேன்" என்று சிகிச்சையாளர் கேட்பார். நீங்கள் ஒப்புக்கொண்டால், அந்த இரகசியத்துக்கு உட்பட்ட தகவலில், பிள்ளையின் இடத்தில் நின்று பதிவைக் கேட்கும் சார்பாளர் என்ற நிலை உங்களுக்கு இல்லாமல் போகும். மாநிலச் சட்டப்படி பிள்ளை தானே ஒப்புதல் கொடுத்துச் சிகிச்சை பெற்றிருந்தாலும் பெரும்பாலும் இதே கதிதான். ஒப்புக்கொள்வதில் தவறில்லை, எதை ஒப்புக்கொள்கிறோம் என்று அன்றைக்கே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஆபத்தை உடனே சொல்வார், மாதம் ஒருமுறை பொதுவான முன்னேற்றத்தைச் சொல்வாரா என்ற இரண்டையாவது கேளுங்கள்.

பிரிந்து வாழும் பெற்றோரில் பிள்ளை யாரிடம் வளர்ந்தாலும், பள்ளிப் பதிவைப் பார்க்கும் உரிமை இருவருக்கும் உண்டு. அதைக் குறிப்பிட்டு ரத்து செய்யும் நீதிமன்ற ஆணையோ சட்ட ஆவணமோ இருந்தால்தான் பள்ளி மறுக்கலாம். பிள்ளைக்கு 18 வயது ஆனதும், அல்லது கல்லூரியில் சேர்ந்ததும், ஃபெர்பா உரிமை பிள்ளையின் கைக்குப் போய்விடும்.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள். "எல்லாப் பதிவும் வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அறிக்கை மட்டும்தான் வரும். பிள்ளையின் பெயர், சோதனை நடந்த தேதி, சோதனையின் பெயர், "அவளுடைய பதில்களும் மதிப்பெண்களும் பதிந்த விடைப்பதிவுத் தாள்" என்று குறிப்பாக எழுதி, கூட்டத் தேதியையும் சேருங்கள். கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தப் பதிவைப் பள்ளி அழிக்கக் கூடாது. சில இடங்களில் எண்களைக் கணினியில் ஏற்றியதும் தாளைக் கிழித்துவிடுவார்கள் என்பதால், அறிக்கை கைக்கு வந்த வாரமே கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. நகலுக்குக் கட்டணம் கேட்கலாம். தேடி எடுத்ததற்குக் கூலி கேட்கக் கூடாது.

தாளில் பிழை இருந்தால் திருத்தச் சொல்லி எழுதலாம். பள்ளி மறுத்தால் விசாரணை கேட்கலாம். அங்கேயும் தோற்றால் உங்கள் மறுப்பை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தப் பதிவு இருக்கும்வரை உங்கள் மறுப்பும் அதோடு இருக்க வேண்டும். பதிவை யாருக்குக் காட்டினாலும் இதையும் சேர்த்தே காட்ட வேண்டும்.