‘ஒரு ரூபாய் வட்டி’ என்றால் மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்? கடன் விவரத் தாளைப் படிக்கும் வழி

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊரில் ஓர் அக்கா இருக்கிறார். ஒரு ஏக்கர் தேயிலை. ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டுக் கூரைத் தகட்டை மாற்றியாக வேண்டும் என்று ஒரு லட்சம் கடன் தேடினார். நிதி நிறுவன ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கே வந்து, “ஒரு ரூபாய் வட்டிதாங்க அக்கா, மாசம் கம்மியாத்தான் வரும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “மாசம் எவ்வளவு வரும், கணக்குப் போட்டுச் சொல்லு.”

போட முடியாது. ‘ஒரு ரூபாய் வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம். அது வரை சரி. ஆனால் அந்த வட்டி முதலில் வாங்கிய முழுத் தொகைக்கா, இல்லை ஒவ்வொரு மாதமும் மீதி நிற்கும் தொகைக்கா? எத்தனை மாதத்தில் அடைக்க வேண்டும்? வாரா வாரமா, மாதா மாதமா, இல்லை வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே போய் முதலைக் கடைசியில் மொத்தமாகக் கொடுப்பதா? இந்த மூன்றும் தெரியாமல் தவணை என்று ஓர் எண்ணைச் சொன்னால் அது குத்துமதிப்புகூட அல்ல.

அக்காவிடம் அதைக் காட்டத்தான் அன்று தேயிலைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினோம். ஒரு லட்சம், 12 சதவீதம், 24 மாதம் என்று வைத்துக்கொண்டோம். முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி வரை வட்டி போடும் ஃபிளாட் வட்டி என்றால் ஆண்டுக்கு 12,000 வீதம் இரண்டு ஆண்டுக்கு 24,000. அதை முதலோடு கூட்டி 24-ஆல் வகுத்தால் மாதம் 5,167 ரூபாய். மீதி நிற்கும் தொகைக்கு மட்டும் வட்டி என்றால் மாதம் 4,707 ரூபாய். இரண்டு ஆண்டில் வட்டி 12,976 மட்டுமே. வட்டியை மட்டும் கட்டும் முறை என்றால் மாதம் 1,000 ரூபாய், 24-ஆம் மாதம் ஒரு லட்சத்தை ஒரே தடவையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஏஜென்ட் சொன்ன அதே ஒரு வாக்கியம்தான், தவணை மட்டும் மூன்று விதம்.

இதில் அக்காவுக்கு உறைத்தது வேறொரு விஷயம். வட்டி மட்டும் கட்டும் முறையிலும் மொத்த வட்டி 24,000, ஃபிளாட் முறையிலும் 24,000. ஆனால் முதல் வகையில் ஒரு லட்சம் முழுதும் இரண்டு ஆண்டு நம் கையில் இருக்கிறது. ஃபிளாட் முறையில் மாதா மாதம் அசலில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம், திருப்பிக் கொடுத்த பணத்துக்கும் கடைசி வரை வட்டி ஓடுகிறது. பறித்துப் போட்ட இலைக்கும் சேர்த்து மறுபடி பறிகூலி கேட்பது மாதிரி. அதனால்தான் ஃபிளாட் 12 என்பது உண்மையில் ஆண்டுக்கு சுமார் 21.6 சதவீதமாக வந்து நிற்கிறது. இரண்டு, மூன்று ஆண்டுக் கடனுக்கு ஃபிளாட் வட்டியை 1.8-ஆல் பெருக்கினால் உண்மை வட்டி ஏறக்குறைய வந்துவிடும்.

காலத்தை மாற்றினால் என்ன ஆகும்? மீதித் தொகைக்கே வட்டி என்ற நல்ல முறையிலும், 12 மாதம் என்றால் தவணை 8,885, மொத்த வட்டி 6,619. அதையே 36 மாதமாக இழுத்தால் தவணை 3,321-ஆக இறங்கும், வட்டி 19,572-ஆக ஏறும். “மாசம் கம்மியாத்தான் வரும்” என்று ஏஜென்ட் சொன்னது பொய்யில்லை. எத்தனை மாதம் என்பதைத்தான் சொல்லவில்லை.

செல்போனில் விரிதாள் செயலி இருந்தால் இரண்டு வரி போதும். முதல் வரி தவணையைத் தரும். இரண்டாவது வரி, தவணை தெரிந்திருந்தால் அதற்குள் இருக்கும் உண்மை ஆண்டு வட்டியைத் தரும்.

```
=PMT(12%/12,24,-100000)
=RATE(24,-5167,100000)*12
```

சரி, சொல்லாமல் விட்டதை ஏஜென்டிடமிருந்து எப்படி வாங்குவது? அதற்குத்தான் ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. 2024 ஏப்ரல் 15-ல் வந்த சுற்றறிக்கைப்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் அனுமதிக்கும் எல்லாத் தனிநபர் கடனுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழிலுக்கான தவணைக் கடனுக்கும், ஒப்பந்தத்துக்கு முன்பே ஒரு விவரத் தாள் கொடுத்தாக வேண்டும். கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் என்பார்கள். கிளையில் போய் ‘கே.எஃப்.எஸ்.’ என்று கேட்டாலே புரியும். வணிக வங்கிகள், நகரக் கூட்டுறவு வங்கிகள், மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, பதிவு பெற்ற நிதி நிறுவனங்கள், வீட்டுக் கடன் நிறுவனங்கள் எல்லாம் இதற்குள் வரும். கிரெடிட் கார்டு பாக்கி வராது. ஊரில் தனியாள் கொடுக்கும் கைமாற்றும், பதிவில்லாத ஃபைனான்ஸும் வராது. தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இந்தச் சுற்றறிக்கை பொருந்தாது. அந்த இடங்களில் அதே கேள்விகளை நாமே கேட்டு எழுதி வாங்க வேண்டியதுதான்.

மேலே தெரியாமல் நின்ற மூன்றுக்கும் அந்தத் தாளிலேயே பதில் இருக்கும். கடன் காலம் ஒரு வரியில். தவணை வாரமா மாதமா, எத்தனை தவணை, ஒன்று எவ்வளவு, எப்போது தொடங்கும் என்பது அடுத்த வரியில். வட்டி விகிதமும், அது மாறாததா மாறக்கூடியதா என்பதும் அதற்கடுத்து. அப்புறம் கட்டணங்கள், எல்லாவற்றையும் சேர்த்த ஆண்டு விகிதமான ஏ.பி.ஆர். கூடவே ஒவ்வொரு தவணையிலும் முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று காட்டும் அட்டவணை. தாள் நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், விளக்கிச் சொல்லி ‘புரிந்தது’ என்று கையெழுத்து வாங்க வேண்டும் என்பதும் விதி. இந்தக் கையெழுத்தைத்தான் பலர் யோசிக்காமல் போட்டுவிடுகிறார்கள். ஆங்கிலத் தாளில் போட்டுவிட்டு, பிறகு புரியவில்லை என்றால் யார் கேட்பார்கள்?

அக்கா கேட்டதும் ஏஜென்ட் கொஞ்சம் முகம் சுளித்தார். இரண்டு நாள் கழித்துத் தாள் வந்தது. தவணை 5,167, காலம் 24 மாதம். பிராசஸிங் ஃபீஸ் 2,000, காப்பீடு 1,500, இரண்டும் முன்கூட்டியே பிடித்தம். கைக்கு வருவது 96,500. ஏ.பி.ஆர். இடத்தில் 25.3 சதவீதம் என்று இருந்தது. “ஒரு ரூபாய் வட்டின்னாரே, இது ரெண்டு ரூபாயையும் தாண்டுதே” என்றார் அக்கா. கணக்கு சரியாகத்தான் இருந்தது. கைக்கு வந்த தொகையை வைத்துத்தான் ஏ.பி.ஆர். போட வேண்டும், காப்பீடு மாதிரி வேறு நிறுவனத்துக்குப் போகும் பணமும் அதில் சேர வேண்டும் என்பது விதி. மேலே உள்ள இரண்டாவது வரியில் 100000 என்பதை 96500 என்று மாற்றிப் பாருங்கள், அதே எண் வரும்.

எந்தச் செயலியும் இல்லாமல் பிடிக்க அட்டவணையின் முதல் வரி போதும். முதல் தவணையில் வட்டி எவ்வளவு என்று பார்த்து, அதை 12-ஆல் பெருக்கிக் கடன் தொகையால் வகுக்க வேண்டும். அக்காவின் தாளில் முதல் மாத வட்டி 1,798 ரூபாய். ஆண்டுக்கு 21,576, லட்சத்துக்கு 21.6 சதவீதம். உண்மையிலேயே ஒரு ரூபாய் வட்டியாக இருந்தால் முதல் மாதம் 1,000, அடுத்த மாதம் 963 என்று இறங்கியிருக்கும். சில அட்டவணையில் முதல் வரியிலும் கடைசி வரியிலும் வட்டி ஒரே 1,000-ஆக நிற்கும். அப்படி இருந்தால் அது ஃபிளாட்தான், வாயால் என்ன சொன்னாலும்.

தாளைக் கொடுத்த உடனே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஏழு நாளும் அதற்கு மேலும் போகும் கடனுக்கு யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் உண்டு. நாம் சம்மதம் சொன்னால் நிறுவனம் அதே நிபந்தனைக்குக் கட்டுப்பட வேண்டும். தாளில் இல்லாத கட்டணத்தை நம் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு எப்போதும் வசூலிக்கக் கூடாது. வசூலித்தால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை, இருந்தும் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

வாரத் தவணையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், எங்கள் மலையில் குழுக் கடன்கள் அப்படி வருவதால். வாரம் 1,200 என்றால் மாதம் 4,800 என்று மனசு கணக்குப் போடும். ஆண்டுக்கு 52 வாரம், ஆகவே சராசரி மாதத்துக்கு 5,200. பசுந்தேயிலைக்குப் பணம் ஃபேக்டரியிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது. வாரா வாரம் கட்ட நடுவில் இன்னொரு கைமாற்று வாங்க வேண்டிவரும். ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுக்கும் நுண்கடனில், வாங்குபவரின் தேவைக்கேற்ப வாரமா மாதமா என்று வைத்துக்கொள்ள இடம் தர வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டு விதியே சொல்கிறது. எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் அதில்தான் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

அக்கா அந்த ஒரு லட்சத்தை எடுக்கவில்லை. கூரையில் பாதியை இந்த ஆண்டு, மீதியை அடுத்த ஆண்டு என்று முடிவு செய்து, தன் கணக்கு இருக்கும் வங்கியில் 60,000 கேட்டார். 14 சதவீதம், 18 மாதம், தவணை 3,715. பனி விழும் தை, மாசியில் இலை குறையும். அப்போதும் இந்தத் தொகையைச் சமாளிக்கலாம் என்பது அவர் கணக்கு. தாள் வந்த அன்று என்னைக் கூப்பிடவில்லை. மறுநாள் கடை வாசலில் பார்த்தபோது சொன்னார்: “முதல் வரியில வட்டி 700 போட்டிருக்கு. பன்னெண்டால பெருக்கினா 8,400. அறுபதாயிரத்துக்கு பதினாலுதான் வருது, சரியா இருக்குல்ல?”