சென்னையில் 46 லட்சம் பேரா, 86 லட்சம் பேரா?

அன்புள்ள பத்தாம் வகுப்பு மக்களே,

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் இரண்டு அட்லஸ்களை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு நீங்கள் சண்டை போட்டதைப் பார்த்தேன். நூலகத்து அட்லஸில் சென்னையின் மக்கள்தொகை 46,46,732. வீட்டிலிருந்து ஒருவன் கொண்டுவந்ததில் 86,53,521. "இதுல எது சார் பொய்?" என்று கேட்டீர்கள். அதற்குள் மணி அடித்துவிட்டது, அதனால்தான் இந்தக் கடிதம்.

இரண்டுமே பொய்யில்லை. இரண்டும் ஒரே கணக்கெடுப்பிலிருந்து, 2011-ஆம் ஆண்டினுடையதிலிருந்து வந்தவை. ஒரே நாளை வைத்து, அதாவது மார்ச் 1-ஐ வைத்து எண்ணியவை. ஆனால் 'சென்னை' என்று எதுவரைக்கும் சொல்வது என்பதில் இரண்டு புத்தகமும் வேறுபடுகின்றன.

நாகர்கோவிலில் இருந்து ரயிலில் எழும்பூர் போனவர்களுக்கு இது எளிதாகப் புரியும். தாம்பரம் வந்ததுமே பெட்டியில் பாதிப்பேர் பையை இறக்கிவிடுவார்கள், "சென்னை வந்தாச்சு" என்று. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாலும் குரோம்பேட்டை, பல்லாவரம் என்று இடைவெளி இல்லாமல் கட்டடங்கள்தான். இப்படி ஒட்டிக்கொண்டே போகும் ஊர்களை எல்லாம் சேர்த்து எண்ணினால் கிடைப்பது 86 லட்சம். கணக்கெடுப்புத் துறை இதை 'நகரத் திரள்' என்கிறது. மாநகராட்சி எல்லை எங்கே முடிகிறது என்று அது பார்ப்பதில்லை, ஊர் தொடர்ச்சியாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது.

அதே ரயில் பரங்கிமலையைத் தாண்டி கிண்டிக்குள் நுழையும்போதுதான் 2011 மார்ச்சில் இருந்த சென்னை மாநகராட்சிக்குள் நாம் வருகிறோம். அந்த எல்லைக்குள் இருந்தவர்கள் மட்டும் 46 லட்சம்.

இதில் மூன்றாவதாக ஓர் எண்ணும் உண்டு. கணக்கெடுப்பு முடிந்த அதே ஆண்டு அக்டோபரில் ஆலந்தூர், அம்பத்தூர், திருவொற்றியூர் உட்பட 42 உள்ளாட்சிகளைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். சுமார் 175 சதுர கி.மீ. இருந்த எல்லை 426 ஆனது. மார்ச்சில் எண்ணிய அதே தலைகளைப் புது எல்லைக்குள் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 67 லட்சம். ஒருவர்கூடக் குடிபெயரவில்லை, கோடு மட்டும் நகர்ந்தது. இந்த எண் போட்ட அட்லஸும் உங்கள் கையில் என்றாவது சிக்கும்.

சரி, இதனால் என்ன கெட்டுப்போகும்? உங்களில் ஒருவர் வீட்டுப்பாடத்தில் சென்னையின் மக்கள் அடர்த்தியைச் சதுர கி.மீ.க்கு 10,908 என்று எழுதியிருக்கிறார். வகுத்தலில் பிழையில்லை. ஆனால் மேலே போட்டது பழைய எல்லையின் 46,46,732, கீழே போட்டது புது எல்லையின் 426. பழைய மக்கள்தொகைக்குப் பழைய பரப்பையே போட்டால் 26,553 வரும். புதியதற்குப் புதியதைப் போட்டால் ஏறக்குறைய 15,700. 10,908 பேர் அடர்த்தியுள்ள சென்னை எந்த வரைபடத்திலும் கிடையாது.

வளர்ச்சி விகிதத்திலும் இதே குழிதான். 2001-இல் மாநகராட்சிக்குள் 43,43,645 பேர். பத்து ஆண்டில் 46,46,732 என்றால் சுமார் 7 சதவீத வளர்ச்சி. கவனிக்காமல் 43 லட்சத்தையும் 86 லட்சத்தையும் பக்கத்தில் வைத்தால் சென்னை இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்று பரபரப்பாக எழுதலாம். அப்படி எழுதியதைப் பத்திரிகைகளிலேயே நான் பார்த்திருக்கிறேன்.

எண்கள் கொஞ்சமாக மட்டும் வேறுபட்டால் காரணம் வேறு. இன்னொரு புத்தகத்தில் 46,81,087 என்று இருக்கலாம். அது 2011-இல் அவசரமாக வெளியிட்ட முதல்கட்டத் தொகை. பிறகு படிவங்களைச் சரிபார்த்தபோது 34,355 குறைந்தது. அந்த இடைவெளியில் அச்சான அட்லஸ் பழையதையே சுமந்துகொண்டிருக்கும். ஒரு கோடி, ஒரு கோடியே பத்து லட்சம் என்று முழுசாக எழுதியிருந்தால் அது எண்ணியது இல்லை, பழைய வேகத்தை வைத்துக் கணித்தது.

நம்ம ஊரிலும் இது நடந்திருக்கிறது. 2011-இல் நாகர்கோவில் நகராட்சியின் மக்கள்தொகை 2,24,849. 2019-இல் மாநகராட்சி ஆனது, அப்புறம் ஆளூர், தெங்கம்புதூர் எல்லாம் உள்ளே வந்தன. புது எல்லைப்படி போட்ட எண்ணைப் பார்த்து, வடசேரியில் திடீரென்று ஆள் கூடிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

திங்கட்கிழமை இரண்டு அட்லஸையும் கொண்டுவாருங்கள். அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று முதலில் படிப்போம். 10,908 எழுதியவருக்கு வகுத்தலுக்காக ஒரு மார்க் போட்டிருக்கிறேன். பரப்பளவை மாற்றி எழுதிக் காட்டினால் மீதியும் உண்டு.

இப்படிக்கு,
உங்கள் புவியியல் சார்